பாடம்: கடைச் சாமான்களின் பெறுமானத் தேய்வு – இரண்டு முறைகளும் ஒரு பட்டியலும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை கண்டி மாவட்டத்தில் மண்சரிவையும் மகாவலி வெள்ளத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்களில் பலருக்கு வீட்டோடு சேர்ந்து ஒரு சிறு தொழிலும் இருந்தது. திரும்பி வந்து கடைக் கதவைத் திறந்ததும் உங்களிடம் பலர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "உங்கள் சாமான்களின் பெறுமதி எவ்வளவு?" இழப்பைப் பதிபவர் கேட்பார், காப்புறுதிக்காரர் கேட்பார், கடன் தரும் வங்கியும் கேட்கும். தொழிலில் பங்குள்ள சகோதரரும் கேட்பார்.

இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. வாங்கிய விலை ஒன்று, கணக்குப் புத்தகத்தில் இன்று நிற்கும் பெறுமதி இன்னொன்று, சந்தையில் இன்று கிடைக்கும் விலை மற்றொன்று. இவற்றில் இரண்டாவதை, அதாவது ஏட்டுப் பெறுமதியை, எப்படிக் கணிப்பது என்பதையே இப்பாடம் காட்டுகிறது. அதற்குப் பெரும்பாலும் பயன்படும் முறைகள் இரண்டு: நேர்கோட்டு முறை, குறைந்து செல்லும் மீதி முறை. ஒரே சாமான் பட்டியலை இரண்டு முறையாலும் கணித்து, எங்கே வேறுபடுகின்றன, எந்த எண்ணை யாரிடம் சொல்ல வேண்டும் என்று பார்ப்போம்.

1. பெறுமானத் தேய்வு என்றால் என்ன?

மாவும் சீனியும் வாங்கினால் அவை அந்த மாதத்திலேயே தீர்ந்துவிடும். அவற்றின் விலை அந்த மாதச் செலவு. மா பிசையும் இயந்திரம் அப்படியல்ல. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும். ஆகவே அதன் விலை முழுவதையும் வாங்கிய ஆண்டின் செலவாக எழுதினால் அந்த ஆண்டு பெரிய நட்டமாகவும் அடுத்த ஆண்டுகள் பெரிய இலாபமாகவும் தெரியும். இரண்டும் பொய்த் தோற்றம். இயந்திரம் உழைக்கும் ஆண்டுகளுக்கு அதன் விலையைப் பகிர்ந்து எழுதுவதே பெறுமானத் தேய்வு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெறுமானத் தேய்வு என்று எழுதும்போது கையிலிருந்து காசு போவதில்லை. காசு வாங்கிய அன்றே போய்விட்டது. எழுதுவதன் பயன், இலாபம் என்று நினைத்து வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணத்தில் எவ்வளவு உண்மையில் இயந்திரத்தின் ஆயுள் என்பதைக் காட்டுவதுதான்.

காணிக்குப் பெறுமானத் தேய்வு எழுதுவதில்லை. காணி உழைத்துத் தேய்வதில்லை என்பதே காரணம். மண்சரிவால் காணி கெட்டிருந்தால் அது வேறு இழப்பு. அதை இந்தப் பட்டியலில் கலக்க வேண்டாம்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விவரம்

கணக்குத் தொடங்கமுன் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விவரம் வேண்டும்: வாங்கிய விலை (ஏற்றுக்கூலி, பொருத்துக்கூலி உட்பட), பாவனைக்கு வந்த திகதி, உங்கள் தொழிலில் அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற மதிப்பீடு, அந்தக் காலம் முடிந்ததும் விற்றால் கிடைக்கக்கூடிய எச்சப் பெறுமதி.

பற்றுச்சீட்டுகள் நனைந்து போயிருந்தால் முதல் இரண்டு விவரத்தையும் வேறு வழியில் தேடலாம். விற்ற கடையில் பிரதி இருக்கலாம். வங்கிக் கூற்றில் காசு போன நாள் இருக்கும். லீசிங்கில் எடுத்த வாகனமாயின் ஒப்பந்தத்தில் விலை இருக்கும். இயந்திரத்தின் உடலில் ஒட்டியிருக்கும் தகட்டில் மாதிரியும் தொடர் இலக்கமும் இருக்கும். சேற்றைக் கழுவுமுன் அதைப் படம் பிடித்து வையுங்கள். பழைய இயந்திரத்தை இரும்புக்குக் கொடுத்த பின் இந்த விவரத்தைப் பெற வழியில்லை.

இனி உதாரணம். கம்பளையில் மகாவலிக் கரைக்கு அண்மையில் ஒரு குடும்பம் சிறிய பேக்கரி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பாணும் பணிஸும் சுட்டு, காலையும் மாலையும் சூன் பாண் முச்சக்கரவண்டியில் கொண்டுபோய் விற்கிறார்கள். 2023 ஏப்ரல் 1ஆம் திகதி தொழில் தொடங்கியது. கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் உங்கள் விலையை இடவேண்டும்.

| பொருள் | வாங்கிய விலை (ரூபா) | உழைக்கும் ஆண்டு | எச்சப் பெறுமதி (ரூபா) |
|---|---|---|---|
| பாண் போறணை | 600,000 | 10 | 60,000 |
| மா பிசையும் இயந்திரம் | 240,000 | 8 | 24,000 |
| குளிர்சாதனப் பெட்டி | 160,000 | 8 | 16,000 |
| முச்சக்கரவண்டி | 900,000 | 5 | 300,000 |
| மொத்தம் | 1,900,000 | | 400,000 |

முச்சக்கரவண்டி ஐந்து ஆண்டில் பழுதாகிவிடும் என்பதல்ல. ஐந்து ஆண்டு ஓடியபின் விற்று மாற்றுவது என்பது இந்தக் குடும்பத்தின் திட்டம். அதனால்தான் எச்சப் பெறுமதி உயர்வாக இருக்கிறது. உழைக்கும் காலம் என்பது உங்களிடம் இருக்கும் காலமே.

3. நேர்கோட்டு முறை

விலையிலிருந்து எச்சப் பெறுமதியைக் கழித்து, உழைக்கும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஒரே தொகை வரும்.

முச்சக்கரவண்டிக்கு: 900,000 – 300,000 = 600,000. அதை 5ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 120,000 ரூபா.

அதேபோல போறணைக்கு ஆண்டுக்கு 54,000, மா பிசையும் இயந்திரத்துக்கு 27,000, குளிர்சாதனப் பெட்டிக்கு 18,000. நான்கையும் கூட்டினால் ஆண்டுக்கு 219,000 ரூபா. இந்தத் தொகை மாறாது.

4. குறைந்து செல்லும் மீதி முறை

இங்கே ஒரு வீதத்தைத் தீர்மானித்து, அந்த வீதத்தை ஒவ்வொரு ஆண்டும் மிஞ்சியிருக்கும் ஏட்டுப் பெறுமதியின்மீது இடவேண்டும். மீதி குறையக் குறைய அந்த ஆண்டின் தேய்வும் குறையும். முதல் ஆண்டுகளில் அதிகம், பின்னர் குறைவு.

வீதத்தை எப்படித் தெரிவது? உழைக்கும் காலம் முடியும்போது மீதி எச்சப் பெறுமதிக்கு அண்மையில் வந்து நிற்கவேண்டும். போறணைக்கு 20 சதவீதம் இட்டால் பத்தாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 64,400 ரூபா மிஞ்சும். எச்சப் பெறுமதி 60,000. மா பிசையும் இயந்திரத்துக்கு 25 சதவீதம் இட்டால் எட்டாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 24,000 மிஞ்சும். குளிர்சாதனப் பெட்டிக்கும் 25 சதவீதம் பொருந்தும். முச்சக்கரவண்டிக்கு 20 சதவீதம். கைபேசியிலுள்ள கணிப்பானில் விலையை 0.8ஆல் அல்லது 0.75ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்தால் இதை நீங்களே சரிபார்க்கலாம்.

முச்சக்கரவண்டியை இரண்டு முறையாலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்:

| ஆண்டு முடிவு (மார்ச் 31) | நேர்கோடு: தேய்வு | நேர்கோடு: ஏட்டுப் பெறுமதி | குறைந்து செல்லும் மீதி: தேய்வு | குறைந்து செல்லும் மீதி: ஏட்டுப் பெறுமதி |
|---|---|---|---|---|
| 2024 | 120,000 | 780,000 | 180,000 | 720,000 |
| 2025 | 120,000 | 660,000 | 144,000 | 576,000 |
| 2026 | 120,000 | 540,000 | 115,200 | 460,800 |
| 2027 | 120,000 | 420,000 | 92,160 | 368,640 |
| 2028 | 120,000 | 300,000 | 68,640 | 300,000 |

கடைசி ஆண்டில் 368,640இன் 20 சதவீதம் 73,728. ஆனால் அதை முழுவதும் எழுதினால் மீதி 300,000க்குக் கீழே போய்விடும். எச்சப் பெறுமதிக்குக் கீழே எழுதக்கூடாது. ஆகவே 68,640இல் நிறுத்தியிருக்கிறோம்.

இரண்டு தேய்வு நிரல்களையும் கூட்டிப் பாருங்கள். இரண்டிலும் 600,000 வரும். எந்த முறையை எடுத்தாலும் ஐந்து ஆண்டில் எழுதப்படும் மொத்தம் ஒன்றே. எந்த ஆண்டில் எவ்வளவு என்பது மட்டுமே மாறுகிறது.

இந்த முறையில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, வீதத்தை மீதியின்மீது இடாமல் வாங்கிய விலையின்மீதே ஒவ்வொரு ஆண்டும் இடுவது. முச்சக்கரவண்டிக்கு அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 180,000 வீதம் ஐந்து ஆண்டில் பெறுமதி பூச்சியமாகிவிடும். தேய்வு நிரலில் எண் குறையாமல் ஒரே அளவில் இருந்தால் இந்தப் பிழை நடந்திருக்கிறது என்று அறியலாம். மற்றது, வீதம் இடுமுன்பே எச்சப் பெறுமதியைக் கழிப்பது. நேர்கோட்டு முறையில்தான் முதலில் கழிக்க வேண்டும். குறைந்து செல்லும் மீதி முறையில் எச்சப் பெறுமதி, எங்கே நிறுத்துவது என்று காட்டும் எல்லை மட்டுமே.

5. எதற்கு எந்த முறை?

பொருள் எப்படிப் பயன் தருகிறதோ அப்படியே தேய்வும் எழுதப்பட வேண்டும் என்பதுதான் இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16இன் அடிப்படை. போறணை முதலாம் ஆண்டும் ஏழாம் ஆண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பாணைத்தான் சுடும். அதற்கு நேர்கோடு பொருந்தும். முச்சக்கரவண்டி முதல் ஆண்டுகளில் நன்றாக ஓடும், திருத்தச் செலவும் குறைவு. பின்னர் திருத்தச் செலவு ஏறும். அதற்குக் குறைந்து செல்லும் மீதி பொருந்தும்: தேய்வு குறையும் ஆண்டுகளில் திருத்தச் செலவு கூடுவதால், இரண்டும் சேர்ந்த சுமை ஓரளவு சமமாக இருக்கும்.

ஒரே தொழிலில் வேறு வேறு வகைப் பொருள்களுக்கு வேறு வேறு முறை வைத்திருக்கலாம். ஆனால் ஒரு பொருளுக்குத் தெரிவு செய்த முறையை ஆண்டுக்கொரு தடவை வசதிப்படி மாற்றக்கூடாது. பொருள் பயன்படும் விதம் உண்மையாகவே மாறியிருந்தால் முறையையும் மாற்றலாம். அந்த மாற்றம் அன்றிலிருந்து முன்னோக்கியே செல்லும், கடந்த ஆண்டுகளைத் திருப்பி எழுதாது.

முறையின் தெரிவு குடும்பத்தின் கையிருப்பையும் தொடும். இந்தப் பேக்கரிக்குத் தேய்வு எழுதுமுன் ஆண்டு மிச்சம் 700,000 ரூபா என்று வைப்போம். நேர்கோட்டின்படி முதல் ஆண்டு இலாபம் 481,000. குறைந்து செல்லும் மீதியின்படி நான்கு பொருள்களுக்கும் முதல் ஆண்டுத் தேய்வு 400,000. இலாபம் 300,000 மட்டுமே. மாதம் 40,000 வீதம் வீட்டுச் செலவுக்கு எடுத்தால் ஆண்டுக்கு 480,000. முதல் கணக்கு இதைச் சரியென்று காட்டும். இரண்டாவது, மாதம் 25,000க்குமேல் எடுத்தால் இயந்திரத்தையே தின்கிறீர்கள் என்று சொல்லும். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு இரண்டாவது எச்சரிக்கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

6. வெள்ளம் வந்த நாளில் கணக்கு

2025 நவம்பர் இறுதியில் ஆற்று நீர் பேக்கரிக்குள் புகுந்தது. மா பிசையும் இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் முற்றாகக் கெட்டன. போறணையில் தண்ணீர் ஏறி வடிந்தது. முச்சக்கரவண்டி மேட்டில் நின்றதால் தப்பியது.

முதற்படி, 2025 ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள எட்டு மாதத் தேய்வை எழுதுவது. ஆண்டுத் தேய்வை 12ஆல் வகுத்து 8ஆல் பெருக்க வேண்டும். குறைந்து செல்லும் மீதியில், 2025 மார்ச் 31இல் நின்ற மீதியின்மீது வரும் ஆண்டுத் தேய்வையே இப்படிப் பிரிக்க வேண்டும். மா பிசையும் இயந்திரத்துக்கு அந்த மீதி 135,000. அதன் 25 சதவீதம் 33,750. எட்டு மாதத்துக்கு 22,500. நவம்பர் 30இல் நிலை இப்படி:

| பொருள் | நேர்கோடு: ஏட்டுப் பெறுமதி | குறைந்து செல்லும் மீதி: ஏட்டுப் பெறுமதி |
|---|---|---|
| பாண் போறணை | 456,000 | 332,800 |
| மா பிசையும் இயந்திரம் | 168,000 | 112,500 |
| குளிர்சாதனப் பெட்டி | 112,000 | 75,000 |
| முச்சக்கரவண்டி | 580,000 | 499,200 |
| மொத்தம் | 1,316,000 | 1,019,500 |

ஒரே சாமான்கள், ஒரே நாள். ஆனால் இரண்டு மொத்தங்களுக்கும் இடையே 296,500 ரூபா வித்தியாசம். இதைப் பார்த்ததும், "நேர்கோட்டில் எழுதியவருக்கு இழப்பு அதிகமாகத் தெரிகிறதே, நாமும் அதற்கு மாறலாமே" என்ற எண்ணம் வரலாம்.

அழிந்த இரண்டு பொருள்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அவற்றை வாங்கிய விலை 400,000. நேர்கோட்டில் இதுவரை எழுதிய தேய்வு 120,000. இன்று நட்டமாக எழுதவேண்டிய மீதி 280,000. குறைந்து செல்லும் மீதியில் இதுவரை எழுதிய தேய்வு 212,500. இன்று எழுதவேண்டிய நட்டம் 187,500. இரண்டிலும் கூட்டுத்தொகை 400,000. நட்டம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகவில்லை. ஒருவர் முன்பே கூடுதலாக எழுதிவிட்டார், மற்றவர் இப்போது கூடுதலாக எழுதுகிறார். ஆகவே இழப்பு நேர்ந்தபின் முறையை மாற்றி எழுதுவதால் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது. முந்தைய ஆண்டுக் கணக்கு வங்கியிலோ வேறெங்கோ இருந்து, புதிய எண் அதோடு ஒத்துப்போகாவிட்டால் முழுப் பட்டியலின்மீதும் சந்தேகம் விழும்.

கெட்ட இயந்திரத்தைப் பழைய இரும்புக்கு விற்றால் கிடைக்கும் காசை நட்டத்திலிருந்து கழிக்க வேண்டும். நேர்கோட்டுக் கணக்கில் இரண்டையும் 20,000 ரூபாவுக்கு விற்றால் நட்டம் 260,000.

7. மூடியிருந்த மாதங்களும் நனைந்த போறணையும்

டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதம் கடை மூடியிருந்தது. தப்பிய பொருள்களுக்கு அந்த மாதங்களில் தேய்வு எழுத வேண்டுமா? எழுத வேண்டும். பொருள் சும்மா இருந்தாலும் தேய்வு நிற்பதில்லை என்பதே கணக்கீட்டு நியமத்தின் விதி. கண்டிப் பக்கத்து ஈரத்தில் ஓடாமல் நின்ற வண்டியின் நிலையைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். உற்பத்தி செய்த அளவுக்கோ ஓடிய தூரத்துக்கோ ஏற்பத் தேய்வு எழுதும் முறைகளில் மட்டும் மூடியிருந்த காலத்துக்குத் தேய்வு வராமல் இருக்கலாம்.

போறணைக்கு இன்னொரு கேள்வி உண்டு. அது வேலை செய்கிறது, ஆனால் முன்போல நீண்டகாலம் உழைக்காது. திருத்துபவர் பார்த்து, இன்னும் நான்கு ஆண்டுதான் என்கிறார். நேர்கோட்டின்படி மீதி 456,000. எச்சப் பெறுமதி 60,000 மாறாது என்று கொண்டால் 396,000 ரூபாவை 48 மாதங்களுக்குப் பகிர வேண்டும்: மாதம் 8,250. முன்பு மாதம் 4,500ஆக இருந்தது. கடந்த ஆண்டுகளைத் திருத்த வேண்டாம். 2025 டிசம்பர் முதல் புதிய தொகையை எழுதினால் போதும். இந்த மாற்றத்தை எழுதாமல் விட்டால், நான்கு ஆண்டில் போறணை கைவிடும் நாளில் கணக்கில் பெரிய தொகை மிஞ்சி நிற்கும், புதிய போறணைக்கு ஒதுக்கிய காசும் இருக்காது.

நனைந்த போறணையைச் சுத்தம் செய்து கம்பி மாற்றிய செலவு திருத்தச் செலவு. அந்த ஆண்டிலேயே செலவாக எழுதுங்கள். போறணையை முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகச் சுடக்கூடியதாகவோ கூடுதல் காலம் உழைக்கக்கூடியதாகவோ மாற்றிய செலவை மட்டும் அதன் விலையோடு சேர்க்கலாம்.

நிவாரணமாக ஒரு மா பிசையும் இயந்திரம் இலவசமாகக் கிடைத்தால் அதையும் பட்டியலில் சேருங்கள். இன்றைய சந்தை விலையை எழுதி, பக்கத்தில் "உதவியாகக் கிடைத்தது" என்று குறியுங்கள். காசு கொடுக்கவில்லை என்று விட்டுவிட்டால், அது பழுதாகும் நாளில் மாற்று இயந்திரத்துக்கு ஒரு சதமும் ஒதுக்கப்பட்டிருக்காது.

8. எந்த எண்ணை யாரிடம் சொல்வது?

இழப்பைப் பதிபவரிடம் ஏட்டுப் பெறுமதியை மட்டும் கொடுத்துவிட வேண்டாம். பொருள், மாதிரி, வாங்கிய திகதி, வாங்கிய விலை, இன்று அதே பொருளைப் புதிதாக வாங்கும் விலை, ஏட்டுப் பெறுமதி ஆகியவற்றைத் தனித்தனி நிரல்களில் எழுதிக் கொடுங்கள். எந்த நிரலை எடுப்பது என்பதை அவரது படிவம் தீர்மானிக்கும். வாங்கிய விலை ஒரு பொருளுக்கும் இன்றைய விலை இன்னொரு பொருளுக்கும் என்று ஒரே நிரலில் கலந்து எழுதுவதே பட்டியல் திரும்பி வருவதற்குக் காரணமாகும் பிழை.

காப்புறுதிக்காரரின் கணக்கு வேறு. சாதாரண நட்டஈட்டு ஒப்பந்தத்தில் இன்றைய புதிய விலையிலிருந்து பாவனைத் தேய்மானத்தைக் கழித்தே மதிப்பிடுவார்கள். உங்கள் ஏட்டு முறை அவர்களைக் கட்டுப்படுத்தாது. புதிதாக மாற்றித் தரும் ஒப்பந்தமாயின் கழிவு இல்லாமல் இருக்கலாம். எதுவென்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பொருளின் முழுப் பெறுமதியைவிடக் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்திருந்தால், பகுதி இழப்புக்கும் அந்த விகிதப்படியே குறைத்துத் தரும் நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. காப்புறுதித் தொகையாக ஏட்டுப் பெறுமதியை எழுதிக்கொடுப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வருமான வரிக்கும் தனிக் கணக்கு உண்டு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் தேய்வுக்கான கழிவை நேர்கோட்டிலேயே தருகிறது: இயந்திரங்களுக்கும் தளபாடங்களுக்கும் 5 ஆண்டு, கட்டிடங்களுக்கு 20 ஆண்டு. நீங்கள் எட்டு ஆண்டு என்று வைத்திருக்கும் மா பிசையும் இயந்திரத்துக்கு அங்கே ஆண்டுக்கு 48,000 ரூபா கழியும். ஆகவே வரிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று இரண்டு நிரல் இருப்பது பிழையல்ல.

சகோதரர்கள் பங்கு பிரிப்பதானால் இரண்டு முறையையும் விட்டுவிடுங்கள். ஏட்டுப் பெறுமதி என்பது வாங்கிய விலையில் இன்னும் செலவாக எழுதப்படாத பகுதி. பொருளின் விற்பனை விலை அல்ல. 580,000 என்றோ 499,200 என்றோ ஏட்டில் நிற்கும் முச்சக்கரவண்டி சந்தையில் அதைவிடக் கூடவோ குறையவோ போகலாம். இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்டு, அந்த விலையில் பிரித்துக்கொள்வதே நியாயம்.

9. இந்தக் கணக்கின் எல்லை

இரண்டு முறையும் வாங்கிய விலையிலிருந்தே தொடங்குகின்றன. விலைவாசி ஏறினால் அது இந்த அட்டவணைக்குத் தெரியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. அதற்கு முன்பு வாங்கிய இயந்திரத்தின் தேய்வை ஒரு சதமும் விடாமல் சேர்த்து வைத்தவரிடம்கூட, பழைய விலையளவு காசுதான் சேர்ந்திருக்கும். புதிய இயந்திரத்துக்கு அது போதாது. ஆகவே ஆண்டுக்கொரு தடவை கணக்கை முடிக்கும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இன்றைய புதிய விலையையும் கேட்டு எழுதி வையுங்கள். சேமிக்கவேண்டிய தொகையை அந்த நிரலைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

பயிற்சி

ஒரு தையற்கடையின் இயந்திரம் 80,000 ரூபாவுக்கு வாங்கப்பட்டது. எட்டு ஆண்டு உழைக்கும், எச்சப் பெறுமதி 8,000. மூன்று ஆண்டு முடிவில் அதன் ஏட்டுப் பெறுமதி (அ) நேர்கோட்டின்படி எவ்வளவு? (ஆ) 25 சதவீதக் குறைந்து செல்லும் மீதியின்படி எவ்வளவு?

விடை: (அ) ஆண்டுத் தேய்வு 9,000, மூன்று ஆண்டுக்கு 27,000, ஏட்டுப் பெறுமதி 53,000. (ஆ) 80,000 முதல் ஆண்டு முடிவில் 60,000, இரண்டாம் ஆண்டு முடிவில் 45,000, மூன்றாம் ஆண்டு முடிவில் 33,750. இந்த இரண்டும் உங்களுக்குச் சரியாக வந்தால், அடுத்ததாக உங்கள் கடைப் பொருள்களில் ஒன்றை எடுத்து இதேபோல எழுதிப் பாருங்கள். பட்டியலின் ஒரு பிரதியை வீட்டில் வைக்காமல் மேட்டுப் பகுதியிலுள்ள உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.